25% காட்டும்போதே போன் ஏன் அணைகிறது?

பழைய பேட்டரி உள்ள பைக்கில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் ஹெட்லைட் மங்கும். பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே இழுப்பில் கேட்கும் கரண்டைக் கொடுக்கும்போது வோல்டேஜ் சரிந்துவிடுகிறது. பட்டனை விட்டதும் விளக்கு பழையபடி எரியும். 25% காட்டிக்கொண்டிருந்த செல்போன், ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்ததும் பொசுக்கென்று அணைவதும் இதே கதைதான்.

திரையில் தெரியும் சதவீதம், பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்ற கணக்கு. உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் ஒரு சிப் கூட்டிக் கழித்துச் சொல்கிறது. அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் போன் ஓட வேண்டுமானால் அந்த நொடியில் போதுமான வோல்டேஜும் வேண்டுமே!

ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் கொஞ்சம் மின்தடை உண்டு. வயதாக ஆக அது கூடும், குளிரிலும் கூடும். சும்மா இருக்கும்போது 3.7 வோல்ட் காட்டும் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3.2 வோல்ட்டுக்குக் கீழே போனால் போன் தன்னை அணைத்துக்கொள்ளும் என்று வைப்போம். கேமரா, ஃபிளாஷ், பிராசஸர் எல்லாம் சேர்ந்து ஒரு கணம் 2.5 ஆம்பியர் இழுக்கின்றன. புது பேட்டரியின் தடை 0.1 ஓம் என்றால் இழப்பு 0.25 வோல்ட்தான், மிச்சம் 3.45, தப்பித்தது. பழையதில் தடை 0.25 ஓம் ஆகிவிட்டால் 0.6 வோல்ட்டுக்கு மேல் போய், 3.1கூட தேறாது. போன் அணைந்துவிடும். போதாததற்கு, வோல்டேஜ் குறையக் குறைய அதே வேலைக்குப் போன் இன்னும் அதிகக் கரண்டை இழுக்கும், சரிவு வேகமெடுக்கும்.

ஐபோன் 6, 6எஸ் வைத்திருந்த பலர் இதை அனுபவித்தார்கள். 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 மூலம் ஆப்பிள் கண்ட வழி, பேட்டரி தளர்ந்த போன்களில் பிராசஸரின் உச்ச வேகத்தைக் குறைப்பது. இழுப்பு குறைந்தால் சரிவும் குறையும். பொறியியலாகப் பார்த்தால் நல்ல யோசனைதான். வாங்கியவர்களிடம் தெளிவாகச் சொல்லாததுதான் வினையாயிற்று. அந்த டிசம்பரில் விஷயம் வெடித்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது.

உங்கள் போனுக்கும் இதே கோளாறுதானா? அணைந்த போனைச் சார்ஜரில் செருகி உடனே ஆன் செய்து பாருங்கள். சில நிமிடத்துக்குள்ளேயே பழையபடி இருபது சொச்சம் சதவீதம் காட்டினால், சார்ஜ் தீர்ந்து அணையவில்லை என்று தெரிந்துவிடும். அடுத்து, பவர் பேங்கில் இணைத்தபடியே ஃபிளாஷ் போட்டுப் படமெடுங்கள். இணைத்தால் தாங்குகிறது, கழற்றினால் அணைகிறது என்றால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இரண்டிலும் அணைந்தால் கடைக்காரர் போர்டையும் பார்க்க வேண்டியிருக்கும்.