நடுச்சொல்லைத் தொடாதீர்கள்

கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. ரயில்வேயில் வரைபட வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். பிறகு 1914இல் கோவையில் நிலையான ஒரு கொட்டகையைக் கட்டி அதற்கு வெரைட்டி ஹால் என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் அந்தக் கொட்டகை டிலைட் ஆனது. முகப்பிலிருந்து பழைய பெயர் இறங்கிவிட்டது, ஆனால் சாலை அதை விடவில்லை. கடிதத்திலும் கடைப் பலகையிலும் அது இன்றும் வெரைட்டி ஹால் சாலைதான்.

சென்னை பிராட்வே பக்கம் மினர்வா பாட்சா ஆனது. ஆனாலும் அங்கே ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னமும் மினர்வா என்றுதான் சொல்கிறார்கள். ஒரு தியேட்டரின் பெயர் முதலாளியின் ஆவணத்தில் ஒன்றாகவும் ஊரார் வாயில் இன்னொன்றாகவும் இருப்பது இப்படித்தான். ஒற்றைத் திரை அரங்குகளை உடைத்துப் புதுப்பித்துத் திறக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது பெயரை.

ஒரு தியேட்டர் பெயரை உற்றுப் பார்த்தால் அதில் பெரும்பாலும் மூன்று துண்டுகள் இருக்கும். 'ஸ்ரீ முருகன் டாக்கீஸ்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். முன்னால் 'ஸ்ரீ', நடுவில் 'முருகன்', கடைசியில் 'டாக்கீஸ்'. பேச்சில் யாரும் முழுப் பெயரையும் சொல்வதில்லை. "முருகன்ல என்ன படம்?" என்றுதான் கேட்பார்கள். முன்துண்டும் வாலும் பலகையில் மட்டுமே வாழ்கின்றன. ஊராரின் நினைவில் இருப்பது நடுச்சொல் ஒன்றுதான். ஆகவே புதுப்பிக்கும்போது முன்துண்டையும் வாலையும் விருப்பம்போல மாற்றலாம். நடுச்சொல்லை மாற்றினால், ஊரைப் பொறுத்தவரை பழைய தியேட்டர் மூடிவிட்டது, புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று ஆகிவிடும்.

உலகத்தின் மிகப் பிரபலமான ஒற்றைத் திரை அரங்கு ஒன்றும் இந்த வழியில்தான் போயிருக்கிறது. ஹாலிவுட்டில் சிட் கிராமன் என்பவர் சீனக் கோயில் போன்ற முகப்போடு கட்டி 1927 மே மாதம் திறந்த அரங்கு அது. பெயர் 'கிராமன்ஸ் சைனீஸ் தியேட்டர்'. அதன் முற்றத்தில் சிமெண்டில் பதிந்திருக்கும் நட்சத்திரங்களின் கைத்தடங்களையும் கால்தடங்களையும் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1973இல் டெட் மான் என்பவர் அதை வாங்கி 'மான்ஸ் சைனீஸ்' என்று மாற்றினார். 2000களின் தொடக்கத்தில் மறுபடி 'கிராமன்ஸ்' திரும்பி வந்தது. 2013இல் சீனாவின் டிவி தயாரிப்பு நிறுவனமான டிசிஎல், பத்தாண்டுகளுக்குப் பெயர் உரிமையை 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அன்றிலிருந்து அது 'டிசிஎல் சைனீஸ் தியேட்டர்'. அதே ஆண்டு உள்ளே முழுவதையும் மாற்றினார்கள். தரையை ஆழப்படுத்திப் படிப்படியாக இருக்கை போட்டு, 932 பேர் உட்காரும் ஐமேக்ஸ் அரங்கமாகத் திறந்தார்கள்.

நாற்பது ஆண்டுகளில் முன்துண்டு மூன்று முறை மாறியும் நடுவில் இருந்த 'சைனீஸ்' ஒருமுறைகூட மாறவில்லை. வாடிக்கையாளர் வழக்கமாகச் சொன்ன சொல் அதுதான். பணம் கொடுத்துப் பெயர் வாங்கிய நிறுவனத்துக்கும் முன்துண்டு மட்டுமே கிடைத்தது. கட்டடத்தின் முகப்பு 1968 முதல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்ததால் அதையும் யாராலும் மறைக்க முடியவில்லை. சொல்லும் முகமும் அப்படியே இருந்ததால் உள்ளே எதை மாற்றினாலும் மக்கள் அதைத் தங்கள் பழைய அரங்காகவே ஏற்றுக்கொண்டார்கள்.

நம் ஊரிலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. திருவான்மியூர் தியாகராஜா தியேட்டரை ஒரு பெரிய நிறுவனம் எடுத்துப் புதுப்பித்தபோது தன் அடையாளமான 'எஸ்2'வை முன்னால் சேர்த்து 'எஸ்2 தியாகராஜா' என்று வைத்தது. டெல்லியில் பிரியா என்ற ஒற்றைத் திரை அரங்கு 'பிவிஆர் பிரியா' ஆனதும் இதே முறையில்தான். அங்கே இன்னொரு சிறப்பும் உண்டு. பிவிஆர் என்ற மூன்றெழுத்தில் உள்ள 'பி'யே அந்தப் பிரியாவிலிருந்து வந்ததுதான்.

இதைச் செயலில் எப்படிச் செய்வது என்று பார்க்க, நம் ஸ்ரீ முருகன் டாக்கீஸுக்கே திரும்புவோம். ஒரு தாலுகா தலைநகரில் இருக்கும் கற்பனைத் தியேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 650 இருக்கைகள் இருந்தன, அகலமான சோபா போடுவதால் 380 ஆகப் போகிறது. புதிய ஒலி, குளிர்சாதனம் எல்லாம் வருகின்றன. முதலாளியின் மகன் 'எஸ்எம் சினிமாஸ்' என்று வைக்கலாம் என்கிறார். ஸ்ரீ முருகனின் முதலெழுத்துகள்தானே என்பது அவர் வாதம். தவறு நடக்கும் இடமே இதுதான். குடும்பத்தாருக்கு எஸ்எம் என்றால் முருகன். ஊராருக்கு எஸ்எம் என்றால் ஒன்றுமில்லை.

முடிவெடுக்கும் முன் அவர் செய்ய வேண்டிய சோதனை எளிது. ஆட்டோ ஸ்டாண்டில் பத்துப் பேர், டீக்கடையில் பத்துப் பேர், கல்லூரி வாசலில் பத்துப் பேர் என்று முப்பது பேரைப் பார்க்க வேண்டும். முதல் கேள்வி: "இந்த ஊர்ல படம் எங்க பார்ப்பீங்க?" எந்தப் பெயரையும் நாமாக எடுத்துக் கொடுக்காமல், அவர்கள் வாயில் வரும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் 'முருகன்' என்றே வரும். சில ஊர்களில் எதிர்பாராத விடை கிடைக்கும். பலகையில் இல்லாத பெயரை, உதாரணமாகப் 'பெரிய கொட்டகை' என்பதை, பாதிப்பேர் சொல்வார்கள். அப்படியானால் அந்த ஊரின் நடுச்சொல் அதுதான். சில நாள் கழித்து வேறு முப்பது பேரிடம் புதிய பெயரை மட்டும் சொல்லி, "இது எங்க இருக்கும்?" என்று கேட்க வேண்டும். 'முருகன் சினிமாஸ்' என்றதும் கை தானாகவே பழைய இடத்தைக் காட்டினால் பெயர் நிற்கும். "புதுசா கட்டியிருக்காங்களா?" என்ற கேள்வி அடிக்கடி வந்தால் அந்தப் பெயரைக் கைவிட்டுவிடலாம்.

பெயரை முடிவு செய்தபின் அது எங்கெங்கே வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். அரசு ஆவணம் ஓரிடம். தியேட்டர்காரர்கள் சி ஃபார்ம் என்று சொல்லும் உரிமம், மாவட்டங்களில் ஆட்சியர் கொடுப்பது. இருக்கை எண்ணிக்கையும் வரைபடமும் மாறுவதால் எப்படியும் அவரிடம் போயாக வேண்டும். பெயர் திருத்தத்தையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் டிக்கெட்டில் ஒரு பெயரும் உரிமத்தில் ஒரு பெயருமாகப் பல காலம் ஓடும். டிஜிட்டல் படத்தைத் திறக்கும் சாவி தியேட்டர் பெயரோடு பிணைந்ததல்ல, படம் ஓட்டும் சர்வரோடு பிணைந்தது. ஆகவே பெயர் மாறியதால் படம் நிற்காது. புதுப்பித்தலில் சர்வரையே மாற்றினால்தான் அதன் விவரத்தை விநியோகம் செய்பவர்களுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும்.

அதிகம் பேர் வழிதவறுவது செல்போனில். தியேட்டர் ஆறு மாதம் மூடியிருக்கும்போது யாராவது வரைபடத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று குறித்துவிடுவார்கள். பிறகு முதலாளி புதிய பெயரில் புதிதாக ஒரு பதிவைத் தொடங்குவார். ஒரே கட்டடத்துக்கு இரண்டு புள்ளிகள் ஆகிவிடும். பழைய பெயரைத் தேடுபவருக்கு மூடிய தியேட்டர்தான் தெரியும். வேலை தொடங்கும் நாளிலேயே 'தற்காலிகமாக மூடப்பட்டது' என்று குறித்துவிட்டு, திறக்கும்போது அதே பதிவில் பெயரை மட்டும் மாற்றினால் பழைய படங்களும் கருத்துகளும் கூடவே வரும். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் மாற்றக் கூடாது. நாற்பது வருடமாக Murugan என்று இருந்ததை எண் கணிதம் பார்த்து Muruggan என்று ஆக்கினால், டிக்கெட் செயலியில் பழையபடி தட்டிப் பார்ப்பவருக்குத் தியேட்டர் அகப்படாமல் போகலாம்.

அடுத்தது சுவர். சினிமா போஸ்டரின் அடியில் தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் அச்சிட்ட காகிதப் பட்டை ஒட்டுவார்கள் அல்லவா, சிறு ஊர்களில் இன்றும் அதைப் பார்த்துத்தான் பலர் படத்துக்கு வருகிறார்கள். அதில் 'முருகன் சினிமாஸ்' என்று பெரிதாகவும், கீழே 'பழைய முருகன் டாக்கீஸ்' என்று சிறிதாகவும் போட வேண்டும். எத்தனை நாளைக்கு? மூன்று மாதம் போதும் என்று பலர் நினைப்பார்கள், அது போதாது. வாரம் ஒரு படம் பார்ப்பவர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வார். திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊர் திரும்பி, குடும்பத்தோடு ஒரு படம் பார்ப்பவர்தான் தடுமாறுவார். அவரும் ஒருமுறை வந்துபோக வேண்டுமானால் அந்தச் சிறிய வரி முழுதாக ஒரு வருடம் இருக்க வேண்டும்.

பெயர் பதிந்ததா இல்லையா என்பதை டிக்கெட் கவுண்டரில் ஒரு நோட்டு வைத்தே அறிந்துவிடலாம். போனில் கேட்பவர்களும் நேரில் வருபவர்களும் எந்தப் பெயரைச் சொன்னார்கள், எத்தனை பேர் "இது பழைய முருகன்தானே?" என்று கேட்டார்கள் என்று மாதத்தில் ஒரு வாரம் மட்டும் குறித்தால் போதும். அந்தக் கேள்வி மாதத்துக்கு மாதம் குறைந்தால் பாலம் வேலை செய்கிறது. அடுத்த பொங்கலிலும் அதே அளவு கேட்டால் பலகையைப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

பலகைக்கு வருவோம். நம் பழைய தியேட்டர்களின் முகப்பில் பெயரைச் சிமெண்டில் வார்த்து வைத்திருப்பார்கள். வளைந்த 'மு'வும் நீண்ட கொம்பும், அந்த ஊரின் ஏதோ ஒரு கொத்தனார் கை போன போக்கில் செய்தவை. எழுத்துத் தெரியாதவர்கூட அந்த வடிவத்தைப் பார்த்தே தியேட்டரைக் கண்டுகொள்வார். புதுப்பிக்கும்போது முகப்பு முழுக்க ஏசிபி ஷீட் அடித்து, எல்லாக் கடைகளிலும் பார்க்கிற அதே அச்செழுத்தில் எல்இடி பலகை வைத்துவிடுகிறார்கள். சொல் பழையதாக இருந்தும் முகம் போய்விடுகிறது. அந்தப் பழைய எழுத்துகளை அச்சு அசலாகப் பிரதி எடுத்து, அதே வடிவத்தில் விளக்கெழுத்துகள் செய்ய முடியும். தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்தப் பெரிய இடத்தில் பழைய 'முருகன்' அமரட்டும்.

இதற்கு நாள் குறிக்க வேண்டும். கட்டடத்தை இடிக்க வரும் ஆட்கள் முதல் நாள் காலையில் சாரம் கட்டியதும் கை வைப்பது முகப்பில்தான். மதியத்துக்குள் எழுத்துகள் தூளாகிவிடும். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களிடம் பிரதி எடுக்க அப்போது எதுவும் இருக்காது. அதனால் உங்கள் ஊர்த் தியேட்டர் புதுப்பிக்கப்படப் போகிறது என்று கேள்விப்பட்டால் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாரம் கட்டும் முன்னே ஒரு ஆள் ஏணி வைத்து ஏறட்டும். ஒவ்வொரு எழுத்தின்மேலும் காகிதத்தை வைத்து விளிம்பைக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு இறங்கட்டும்.