தோளில் ஒட்டிய பச்சை

சாத்தூரில் காராச்சேவு போடும் என் சித்தப்பா மகன், கடைக்காக வீடியோ எடுக்க ஆரம்பித்திருக்கிறான். எடுக்கும் இடமோ சரக்கு அறை. பின்னால் எண்ணெய் டின், சாக்கு, சிலிண்டர். அதை மறைக்கப் பச்சைத் துணி வாங்கி மாட்டினான். பின்னணி மாறியது. ஆனால் வெள்ளைச் சட்டையின் தோளைச் சுற்றி ஒரு பச்சை ஒளி. "என்னண்ணே, மேலெல்லாம் பச்சை லைட் கட்டுன மாதிரி இருக்கு!" என்றான்.

நான் முதலில் கேட்டது, எடுத்த வீடியோவை அப்படியே காட்டச் சொல்லித்தான். நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தால், பின்னணியை மாற்றும் முன்பே தோளில் பச்சை இருந்தது. துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி அவன் மேல் விழுந்திருக்கிறது. துணிக்கும் அவனுக்கும் இடையே ஒரு அடிதான் இடைவெளி. வெள்ளைச் சட்டையும் எண்ணெய் வழியும் முகமும் அந்தப் பச்சையை நன்றாக வாங்கிக்கொள்ளும்.

அறை பன்னிரண்டு அடி நீளம். அவனை ஆறு அடி முன்னால் நகர்த்தினோம். துணியை இஸ்திரி போட்டு இழுத்துக் கட்டி, அதற்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு எல்இடி பட்டையை வைத்தோம். அவன் முகத்துக்கு ஜன்னல் வெளிச்சம். சட்டை மெரூன் ஆனது. தோளில் பச்சை போய்விட்டது.

பிறகுதான் ஓபிஎஸ் மென்பொருள். வீடியோவின் Filters-இல் Chroma Key சேர்த்து, Similarity அளவைக் குறைத்து வைத்து, துணி மறையும் வரை மட்டும் மெல்ல ஏற்றினோம். அதிகமானால் முடியும் காதும் கரையும். மிச்சம் இருந்த துளிப் பச்சைக்கு Key Color Spill Reduction. அதையும் அளவாகத்தான் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் சட்டை, முகத்தின் நிறமே மாறிப்போகும்.

பச்சை போனபின்னும் ஒரு வெளிர் கோடு தெரிந்தது. இது வேறு வகை. அவன் போட்ட பின்னணி இருக்கன்குடி கோயிலின் இரவுப் படம். உருவத்தின் ஓரப் புள்ளிகளில் பாதி அவனும் பாதி பளிச்சென்ற துணியும் கலந்திருக்கும். இருட்டுப் படத்தின் மேல் அது கண்ணை உறுத்தும். வைப்பாற்று மணலின் காலைப் படத்தை வைத்ததும் கோடு அடங்கியது. துணியே இல்லாமல் ஆளை வெட்டியெடுக்கும் போன் செயலிகளிலும் இதே கதைதான்: வெள்ளைச் சுவர் முன் எடுத்து இருட்டுப் பின்னணியில் ஒட்டினால் வெள்ளை விளிம்பு வரும். விளிம்பை ஓரிரு புள்ளி உள்ளே சுருக்கும் வசதி இருந்தால் உதவும். அதற்கு மேல் சுருக்கினால் முடி மொட்டையாகும்.

கடைசியாக ஒன்று மட்டும் அடங்கவில்லை. சேவு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டும்போது பளபளக்கும் பிளாஸ்டிக் கவர் பச்சையைப் பிரதிபலித்து ஓட்டை ஓட்டையாக மறைந்தது. வாழையிலையில் வைக்கலாமென்றால் அதுவும் பச்சை. ஆகவே சேவைத் தாளில் கொட்டி, சித்தப்பா அந்தக் காலத்தில் மடிப்பது போலப் பொட்டலமாகக் காட்டினான்.