பில்லோடு போகும் மெயில்

மதுரையில் தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர் ஒருவர், கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு கேட்லாக் செய்துகொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 3-ஆம் தேதி வேலையை ஒப்படைத்துவிட்டார். பணம் 30 நாளில் என்பது எழுத்தில் உள்ள பேச்சு. மறுநாள் பில்லை இணைத்து அவர் அனுப்ப வேண்டிய மெயில் இவ்வளவுதான்:

"பொருள்: பில் எண் 14, பம்ப் கேட்லாக், ரூ.60,000, ஜூலை 3-க்குள்.

வணக்கம் சார். ஜூன் 3 அன்று ஒப்படைத்த கேட்லாக் வேலைக்கான பில்லை இணைத்துள்ளேன். தொகை ரூ.60,000. டிடிஎஸ் 10 சதவீதம் போக ரூ.54,000-ஐ ஜூலை 3-க்குள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். வங்கி விவரம் பில்லின் அடியில் உள்ளது. தாமதமானால் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி வட்டி சேரும். என் உத்யம் பதிவு எண்ணும் பில்லில் உள்ளது."

இதில் அதிகம் வேலை செய்வது, ஒப்படைத்த தேதி. 2006-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, வேலையைப் பெற்றவர் 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். கெடு அங்கிருந்து ஓடுகிறது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. நிறுவனம் 90 நாள் என்று எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. "கூடிய சீக்கிரம் அனுப்பவும்" என்று எழுதுகிறவர்கள் இந்தப் பிடியை நழுவ விடுகிறார்கள். தேதியைச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வட்டி எவ்வளவு? ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாக. விகிதம் 6 சதவீதம் என்று கொண்டால் ஆண்டுக்கு 18, அதாவது மாதம் ஒன்றரை சதவீதம். பணமே வராமல் இரண்டு மாதம் போனால், 60,000-க்கு முதல் மாதம் 900 ரூபாய், அடுத்த மாதம் 913 ரூபாய் 50 காசு. தொகை சிறிதுதான். ஆனால் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமானவரிக் கணக்கில் காட்ட முடியாது. உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம். உத்யம் எண்ணைப் பார்த்ததும் பில் மேலே நகர்வது இதனால்தான்.

வங்கிக் கணக்கு எண்ணைக் கையால் தட்டச்சு செய்யாமல் பாஸ்புக்கோடு சரிபார்த்து ஒட்டுங்கள். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்துகள் இருக்கும். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், ஆங்கில எழுத்து ஓ அல்ல.

உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். பிறகு எடுக்கும் பதிவு, முன்பே முடித்த வேலைக்கு இந்தப் பாதுகாப்பைத் தராது.