விருப்ப வரிசையும் தேர்வு மொழியும்: ரயில்வே படிவத்தில் சறுக்கும் இரண்டு இடங்கள்

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துப் பட்டதாரிகள் பலர் ரயில்வே விண்ணப்பத்தைத் தாங்களே நிரப்புவதில்லை. பிரவுசிங் சென்டரில் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு, ஓடிபி வந்ததும் எண்ணைச் சொல்வதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்று எண் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள். "போஸ்ட் ஆர்டர் எப்படிப் போடட்டும்?" என்று கேட்டால் மட்டும், "எல்லாத்தையும் வரிசையாப் போட்டு விடுங்கண்ணே" என்று சொல்லிவிடுவார்கள். வேலையைத் தீர்மானிப்பதே அந்த வரிசைதான்.

2024 செப்டம்பரில் வெளிவந்த 05/2024 எண்ணுள்ள என்டிபிசி அறிவிக்கையை எடுத்துக்கொள்வோம். பட்டதாரிகளுக்கு 8,113 இடங்கள். பதவிகள் ஐந்து: தலைமை வணிக மற்றும் பயணச்சீட்டு மேற்பார்வையாளர், ஸ்டேஷன் மாஸ்டர், சரக்கு ரயில் மேலாளர் (நாம் கார்டு என்று சொன்னவர்), இளநிலைக் கணக்கு உதவியாளர், முதுநிலை எழுத்தர். முதல் இரண்டுக்கும் அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய், மற்ற மூன்றுக்கும் 29,200 ரூபாய். சம்பளத்தைப் பார்த்து மேலிருந்து கீழாக எண் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஒவ்வொரு பதவிக்கும் எதிரே அச்சிட்டிருக்கும் ஏ-2, பி-2, சி-2 என்ற மருத்துவத் தரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு பி.காம். பட்டதாரி விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி நாளிலிருந்தே மைனஸ் 1.5 பவர் கண்ணாடி போடுகிறவர். ஸ்டேஷன் மாஸ்டரை முதல் விருப்பமாகவும் கார்டு வேலையை இரண்டாவதாகவும் போடுகிறார். இரண்டு கணினித் தேர்விலும் நல்ல மதிப்பெண். மதிப்பெண் தரவரிசையையும் அவர் கொடுத்த விருப்ப வரிசையையும் சேர்த்துப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் பதவி ஒதுக்கப்படுகிறது. அதற்குரிய தரம் ஏ-2. கண்ணாடி இல்லாமலே இரு கண்ணிலும் தூரப்பார்வை 6/9 இருக்க வேண்டும், நிறப்பார்வைச் சோதனையிலும் தேற வேண்டும். மைனஸ் 1.5 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால் பார்வைச் சோதனை அட்டையின் மேல்வரிகளைத் தாண்டமாட்டார். மருத்துவத்தில் தவறினால் மாற்றுப் பதவி தரப்படாது என்று அறிவிக்கை தெளிவாகச் சொல்கிறது. இரண்டாவதாகப் போட்ட கார்டு வேலையும் ஏ-2 தான் என்பதால் அதில் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

அதே மதிப்பெண்ணோடு மேற்பார்வையாளர் பதவியை முதலில் போட்டிருந்தால் கதை வேறு. அது பி-2. ஒரு கண்ணில் 6/9, மற்றதில் 6/12. கண்ணாடியோடு இருந்தால் போதும், லென்ஸின் பவர் 4-ஐத் தாண்டக்கூடாது. சம்பளமும் ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சமம். கணக்கு உதவியாளரும் எழுத்தரும் சி-2, அதைவிடத் தளர்வானது. ஆகவே படிவத்துக்கு முன்னால் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மதுரையில் அரவிந்த் மருத்துவமனை இருக்கிறது, அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் எவ்வளவு, கண்ணாடியோடு எவ்வளவு, நிறப்பார்வை சரியா என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதைப் பற்றி அறிவிக்கை என்ன சொல்கிறது என்று தனியே தேடிப் படிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பயந்துபோய் ஒரே ஒரு பதவியை மட்டும் குறிப்பதும் தவறு. குறிக்காத பதவிக்குப் பொதுவாக உங்களைக் கருதமாட்டார்கள்.

அடுத்தது மொழி. ரயில்வே கணினித் தேர்வு தமிழ் உட்பட 15 மொழிகளில் நடக்கிறது. படிவத்தில் இயல்பாக இருப்பது ஆங்கிலம். தமிழ் வேண்டுமென்றால் நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் அதைத் தொடாமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தமிழைத் தேர்ந்தவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: தமிழ் வாக்கியத்துக்கும் ஆங்கில வாக்கியத்துக்கும் முரண் வந்தால் ஆங்கிலமே செல்லும். மொழிபெயர்ப்பு இடறும் கேள்வியில் ஆங்கில வடிவத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு விடையைத் தொடுவது நல்லது. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும்.

இதைவிட முக்கியமானது, தமிழ் எல்லாக் கட்டத்துக்கும் வராது என்பது. ஸ்டேஷன் மாஸ்டரைக் குறித்தவர்களில் முன்னணியில் வருவோருக்குக் கணினிவழி உளத்திறன் தேர்வு உண்டு. அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கும். அதன் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 42 டி-ஸ்கோர் வேண்டும். எந்தப் பிரிவினருக்கும் சலுகை கிடையாது. கணக்கு உதவியாளர், எழுத்தர் பதவிகளுக்குத் தட்டச்சுத் திறன் தேர்வு உண்டு: நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் 30 சொல் அல்லது இந்தியில் 25 சொல். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழ் டிஎன்பிஎஸ்சி தட்டச்சர் பணிக்கு உதவும், இங்கே உதவாது. ஆக, எந்த மொழியில் எழுதப்போகிறோம் என்ற கேள்வியும் பதவி வரிசையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முழுக்கத் தமிழை நம்பி வருகிறவருக்கு, உளத்திறன் தேர்வும் தட்டச்சும் இல்லாத மேற்பார்வையாளர் பதவியே மேலே வர வேண்டியது. பட்டதாரிப் பதவிகளில் இந்த இரண்டும் இல்லாத இன்னொன்று கார்டு வேலை. அதற்குக் கண் இடம்கொடுக்க வேண்டும்.

குரூப் 4 எழுதிப் பழகியவர்கள் இந்த விருப்ப வரிசையில்தான் ஏமாறுகிறார்கள். அங்கே தரவரிசைப்படி கலந்தாய்வுக்குக் கூப்பிட்டு, மீதமிருக்கும் இடங்களைக் காட்டி, அப்போது பதவியைக் கேட்பார்கள். ரயில்வேயில் அப்படி ஒரு நாளே கிடையாது.

தவறு நடந்துவிட்டால் என்ன வழி? விண்ணப்பம் முடிந்த சில நாட்களில் திருத்தக் காலம் திறக்கும். 05/2024-இல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் 250 ரூபாய் கட்டணம். அப்போதும் மாற்ற முடியாதவை உண்டு: தேர்ந்தெடுத்த ஆர்ஆர்பி, கணக்கு தொடங்கும்போது கொடுத்த மின்னஞ்சல், கைபேசி எண் முதலியவை. சென்டர்க்காரர் தம்முடைய மின்னஞ்சலைப் போட்டுக் கணக்குத் தொடங்கினால், அழைப்புகள் காலம் முழுக்க அவருக்குத்தான் போகும். உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள், பாஸ்வேர்டை எழுதி வாங்குங்கள், கடைசிப் படிவத்தை அச்செடுத்து அங்கேயே வாசியுங்கள்.

தேர்வு முடிந்து விடைக்குறிப்பு வந்ததும், பிழையான கேள்விக்கு 50 ரூபாயும் வங்கிக் கட்டணமும் செலுத்தி ஆட்சேபம் எழுப்பலாம். ஆட்சேபம் சரியென்றால் 50 ரூபாய் திரும்ப வரும்.

மற்றக் குறைகளுக்கு நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுதினால் ஆங்கிலத்திலேயே பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. சிஆர்பிஎப் பணித் தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மையம் கேட்டு மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு.வெங்கடேசன் 2020-இல் எழுதிய கடிதத்துக்கு இந்தியில் பதில் வந்தது. அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். மனு ஆங்கிலத்தில் இருந்தால் மத்திய அரசின் பதிலும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது.

பணி நியமன வழக்குகளுக்கு முதல் இடம் சென்னையில் உள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். உத்தரவு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். நிர்வாகம் அறிவிக்கையை மீறியிருந்தால் அங்கே வழி பிறக்கலாம். நீங்களே போட்ட விருப்ப வரிசையை மாற்றித் தரச் சொல்லிப் போவதில் பயனில்லை. அதற்குரிய இடம் திருத்தக் காலம்தான். அந்தத் தேதியை அறிவிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், விண்ணப்பித்த அன்றே குறித்து வையுங்கள்.