பாக்கிக் கடிதத்தில் வட்டிக் கணக்கு

தவணை கடந்த பில்லுக்கு நினைவூட்டல் எழுதும்போது, வட்டியைப் பொத்தாம்பொதுவாகக் கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். கணக்கைக் காட்டிவிட்டால் பேச்சு சுமுகமாகும். பில் தொகை 1,00,000 ரூபாய், தாமதம் 73 நாள், ஆண்டு வட்டி 18 சதவீதம் என்றால், வட்டி 3,600 ரூபாய்.

"ஐயா, வணக்கம். தாங்கள் கையெழுத்திட்ட ஆர்டரின் 6ஆம் நிபந்தனைப்படி இன்றுவரை வட்டி ரூ.3,600; அசலோடு சேர்த்து ரூ.1,03,600. பத்து நாளுக்குள் அனுப்பி உதவுங்கள். சரக்கிலோ பில்லிலோ குறை இருந்தால் உடனே தெரிவியுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. அதற்குப் பதில் வராவிட்டால், பின்னால் குறை சொல்லித் தட்டிக்கழிப்பது கடினம். வட்டி விகிதம் பில்லின் அடியில் மட்டும் அச்சாகியிருந்தால், "நான் ஒப்புக்கொள்ளவில்லையே" என்று அவர் மறுக்கலாம். எனவே ஆர்டரின் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.