வெந்நீருக்கு வெயிலா, கரண்டா?

சோலார் வாட்டர் ஹீட்டர் எத்தனை ஆண்டில் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் என்பதை, மொட்டை மாடியில் விழும் வெயிலைவிட வீட்டின் கரண்ட் பில்தான் அதிகம் தீர்மானிக்கிறது. விற்பவர்கள் தரும் கணக்கில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான்.

கோயம்புத்தூரில் தனி வீட்டில் வசிக்கும் நால்வர் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்றரை பக்கெட் என்றால், குளிக்கும் பதத்தில் நாளொன்றுக்கு சுமார் 120 லிட்டர் வெந்நீர் வேண்டும். குழாயில் வரும் 25 டிகிரி தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுபோக 2.1 யூனிட் மின்சாரம் செலவாகும். கீசர் தொட்டியிலும் குழாயிலும் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் இரண்டரை யூனிட். இரண்டு மாத பில்லில் இது 150 யூனிட். கோடையில் யாரும் வெந்நீரைத் தேடுவதில்லை என்பதால், ஆண்டில் எட்டு மாதம், அதாவது நான்கு பில்களுக்கு, இந்தச் செலவு இருக்கும்.

இந்த 150 யூனிட்டின் விலை வீட்டுக்கு வீடு மாறும். தமிழ்நாட்டில் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறுகிறது; கீசர் இழுக்கும் யூனிட்கள் மற்ற செலவுகளின் மேல் போய் உட்காருகின்றன. அதைவிட, 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்களுக்குக் கிடைத்த மலிவு விலையும் போய்விடும். கீசர் இல்லாமல் 450 யூனிட் ஓடும் வீட்டுக்கு, 2024 ஜூலை கட்டணப்படி ஏறத்தாழ 1,490 ரூபாய் வரும். கீசரோடு 600 யூனிட் ஆனால் அது 2,880 ரூபாய். 150 யூனிட்டுக்கு 1,390 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்க்கும் மேல்.

100 லிட்டர் கண்ணாடிக் குழாய் சோலார் ஹீட்டர், பைப் வேலையோடு சேர்த்து 22,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய கீசர் துணைக்கு இருக்கும். வடகிழக்குப் பருவமழையின் மூட்டமான நாள்களில் அதுதான் கைகொடுக்கும். வெந்நீர் தேவைப்படுவதும் அந்த மாதங்களில்தான் என்பது சோலாரின் சங்கடம். பில் ஒன்றுக்கு 30 யூனிட்டைக் கீசருக்கு ஒதுக்கினாலும் இந்த வீடு 480 யூனிட்டில் நிற்கும். மிச்சம் 1,200 ரூபாய், ஆண்டுக்கு 4,800. நாலரை ஆண்டு கடந்ததும் போட்ட பணம் திரும்பிவிடும்.

அதே ஹீட்டரை, கீசர் இல்லாமல் 200 யூனிட் மட்டும் ஓடும் வீட்டில் வைத்தால் கதை வேறு. கீசரோடு 350 யூனிட் ஆனாலும், கூடுதல் யூனிட்டின் விலை 4.70 ரூபாய்தான். மிச்சமாகும் 120 யூனிட்டுக்கு ஆண்டுக்கு 2,250 ரூபாய் போலக் கிடைக்கும். பணம் திரும்பப் பத்தாண்டு ஆகிவிடும். அதற்குள் ஹீட்டரே பழுதுபார்ப்புக்கு வந்துவிடக்கூடும். ஆளுக்கு ஒரு பக்கெட்டோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டில் இன்னும் இழுக்கும்.

பில்லில் தெரியாத செலவு ஒன்றும் உண்டு. மாடியிலிருந்து குளியலறை வரை முக்கால் அங்குல பைப் 15 மீட்டர் ஓடினால், அதற்குள் நாலைந்து லிட்டர் தண்ணீர் ஆறிப்போய் நிற்கும். குழாயைத் திறந்ததும் முதலில் வருவது அதுதான். நால்வரும் அடுத்தடுத்துக் குளித்தால் ஒரு முறையோடு போகும். நேரம் விட்டுக் குளித்தால் ஒவ்வொரு முறையும் அவ்வளவு தண்ணீர் வீண். தண்ணீர் லாரியை நம்பும் வீட்டில் இது அற்பமில்லை. பைப்புக்குச் சூடு காக்கும் உறை போட்டால் ஓரளவு குறையும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கீசரின் காயிலில் வெள்ளையாகப் படிவது போலவே சோலாரிலும் படியும். தட்டு வகை ஹீட்டரின் மெல்லிய செப்புக் குழாய்கள் சீக்கிரம் அடைபடும். கண்ணாடிக் குழாய் வகை சற்றுத் தாங்கும். ஆனால் குழாயின் அடியில் படிவு சேரும். நல்ல வெயில் நாளிலும் தண்ணீர் முன்போலச் சுடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை. மென்னீராக்கும் கருவி வைத்தால் அந்தச் செலவும் கணக்கில் ஏறும்.

சோலார் தொட்டிக்குள்ளேயே மின் காயில் பொருத்தித் தரவும் செய்கிறார்கள். மழை நாளில் ஒருவர் குளிக்க வேண்டுமென்றாலும் அது 100 லிட்டரையும் சூடாக்கும். 20 டிகிரி ஏற்றவே 2.3 யூனிட் போய்விடும். அதற்குப் பதில் 15 லிட்டர் கீசரைத் தனியாக வைத்துக்கொண்டு, வேண்டிய அளவுக்கு மட்டும் போடுவதே சிக்கனம். சொந்த மாடி இல்லாத அடுக்குமாடி வீட்டுக்கும், ஓரிரு ஆண்டில் வீடு மாறும் வாடகைக் குடித்தனத்துக்கும் கீசர்தான் பொருந்தும். நட்சத்திரக் குறி அதிகமுள்ளதாகப் பார்த்து வாங்கி, குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, தேவை முடிந்ததும் அணைத்தால், தொட்டியில் ஆறும் சூட்டுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.