இரண்டு புள்ளிகள் தேறின, ஒன்று விழுந்தது

முதுமையில் சிலருக்குப் பார்வையின் ஓரங்கள் நன்றாக இருக்க, நடுப்பகுதி மட்டும் மங்கிப்போகும். படிக்கும் வரி தெரியாது, எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது. விழித்திரையின் மையத்தில் உள்ள மாக்குலா என்ற பகுதி சிதைவதே காரணம். இந்நோய்க்குப் பரம்பரைத் தொடர்பு இருப்பது மருத்துவர்களுக்குப் பல காலமாகத் தெரியும். எந்த மரபணு என்பதுதான் தெரியாமல் இருந்தது.

2005இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் ராபர்ட் க்ளைன், ஜோசஃபின் ஹோ உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். நோயுள்ளவர்கள் 96 பேர், இல்லாதவர்கள் 50 பேர். எல்லோரும் வெள்ளை இனத்தவர். ஒவ்வொருவரின் டிஎன்ஏவிலும் ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து மாறக்கூடிய இடங்களைச் சிப் கொண்டு படித்தார்கள். இத்தகைய இடங்களுக்கு ஸ்னிப் என்று பெயர். படித்தவை 1,16,204, தரச் சோதனையில் தேறி ஒப்பீட்டுக்கு வந்தவை 1,03,611. இன்றைய ஆய்வுகள் லட்சக்கணக்கான ஆட்களோடு நடக்கின்றன என்பதை நினைத்தால், 146 பேரை வைத்துக்கொண்டு இறங்கியது துணிச்சல்தான். ஆனாலும் முடிவை அறிவித்த விதத்துக்காகவே அந்தக் கட்டுரையை இன்றும் எடுத்துப் படிக்கலாம்.

ஒரு ஸ்னிப்பில் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு தெரிகிறது என்றால், நோயோடு தொடர்பே இல்லாதபோதும் அவ்வளவு அல்லது அதற்கும் மேற்பட்ட வேறுபாடு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவது வழக்கம். அதுதான் பி-மதிப்பு. 0.05க்குக் கீழே வந்தால், அதாவது இருபதில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு என்றால், பல துறைகளில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டவருக்கு இது போதும். இங்கே கேட்டவை லட்சத்துக்கும் மேல். எந்த மரபணுவுக்கும் நோயோடு தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அவற்றில் இருபதில் ஒன்று, ஐயாயிரத்துக்கும் அதிகமான ஸ்னிப்கள், சும்மாவே தேறிவிடும்.

இதற்குப் பழைய மருந்து போன்ஃபெரோனி திருத்தம். 0.05ஐக் கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். 1,03,611ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 0.00000048. அடுத்தடுத்து இருக்கும் ஸ்னிப்கள் பெரும்பாலும் சேர்ந்தே பரம்பரையாக வருவதால், லட்சம் கேள்விகளும் தனித்தனிக் கேள்விகள் அல்ல. ஆகவே இந்த வரம்பு சற்றுக் கடுமையானதுதான். பின்னாளில் மரபணுத்தொகுதி முழுவதையும் துழாவும் ஆய்வுகளுக்கு, தனித்தனிக் கேள்விகள் சுமார் பத்து லட்சம் என்று கொண்டு, 0.00000005 என்ற பொது வரம்பு நிலைபெற்றது. இவ்வளவு கடுமை இருந்தும், வரம்புக்குக் கீழே வந்த எண் உண்மையானது என்று அப்படியே நம்பிவிட முடியாது. க்ளைன் குழுவின் வரம்பை இரண்டு ஸ்னிப்கள் தாண்டின: rs380390, rs10272438. இரண்டில் ஒன்றுதான் மெய்.

எது மெய் என்பதை எண்ணிக்கைகளே சொல்லும். முதல் ஸ்னிப்பில் இருக்கக்கூடிய எழுத்துகள் சி அல்லது ஜி. இப்படி ஒரே இடத்தில் மாறி மாறி வருபவற்றை அல்லீல் என்பார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று ஆளுக்கு இரண்டு. நோயாளிகளில் இரண்டும் சி ஆனவர்கள் 50, கலந்தவர்கள் 35, இரண்டும் ஜி ஆனவர்கள் 11. அவர்களிடம் உள்ள 192 அல்லீல்களில் 135 சி, அதாவது 70 சதவீதம். நோயில்லாதவர்களில் அதே வரிசையில் 6, 25, 19. நூறு அல்லீலில் 37தான் சி. இந்த இடைவெளி தற்செயலாக வர வாய்ப்பு பத்துக் கோடியில் நான்கு போல.

அடுத்து, இந்த எண்களைச் சிப் சரியாகப் படித்ததா என்ற கேள்வி. இங்கே உதவுவது 1908இல் வெளிவந்த ஒரு சூத்திரம். எழுதியவர்களில் ஒருவர் ஜெர்மன் மருத்துவர் வைன்பெர்க். மற்றவர், சில ஆண்டுகள் கழித்து ராமானுஜனின் கடிதத்தைப் பிரித்துப் படித்த அதே ஜி.எச்.ஹார்டி. ஓர் அல்லீலின் பங்கு p, மற்றதன் பங்கு q என்றால், கலப்பில் சார்பு இல்லாத மக்கள்தொகையில் மூன்று வகை ஆட்களும் p², 2pq, q² என்ற விகிதத்தில் இருப்பார்கள். நோயில்லாத ஐம்பது பேருக்குப் போட்டுப் பார்த்தால் p 0.37. எதிர்பார்ப்பது சுமாராக 7, 23, 20 பேர். எண்ணியது 6, 25, 19. கைப்பொருத்தம் என்றே சொல்லலாம்.

இரண்டாவது ஸ்னிப்பில் இந்தச் சோதனைதான் சிக்கலைக் காட்டியது. எதிர்பார்த்ததற்கும் எண்ணியதற்கும் உள்ள விலகலை அளக்கும் கை-வர்க்க மதிப்பு 3.84ஐத் தாண்டினாலே புருவத்தை உயர்த்துவார்கள். இங்கே அது 36. பொதுவாக, கலந்த அல்லீல் உள்ளவரிடம் ஒரு சமிக்ஞை மங்கினால் சிப் அவரை ஒரே வகைக்காரராகப் பதிவுசெய்யும், அல்லது விடையே தராமல் விட்டுவிடும். விடுபட்டவை மூன்று வகையிலும் சமமாக விடுபடாவிட்டால் கணக்கு சாய்ந்துவிடும். குழு விடுபட்டவர்களின் டிஎன்ஏவை மீண்டும் எழுத்தெழுத்தாகப் படித்து நிரப்பியது. rs10272438 வரம்புக்கு மேலே போய் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், முதல் ஸ்னிப்புக்கு அருகிலேயே உள்ள rs1329428 மயிரிழையில் தவறியிருந்தது. அதிலும் விடுபட்ட விடைகளை நிரப்பியதும் வரம்பைத் தாண்டி உள்ளே வந்தது. விட்டுப்போன தரவு பொய்யை உண்டாக்கும், உண்மையை மறைக்கவும் செய்யும்.

இந்தச் சோதனையை முக்கியமாக நோயில்லாதவர்களிடம்தான் செய்ய வேண்டும். நோயாளிகள் நோயின் பேரில் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். நோயோடு தொடர்புள்ள அல்லீல் அவர்களிடம் ஹார்டியின் விகிதத்திலிருந்து விலகுவது பிழையாக இருக்க வேண்டியதில்லை, கண்டுபிடிப்பின் அடையாளமாகவே இருக்கலாம். ஐம்பது பேரிடம் விலகல் தெரியவில்லை என்பதால் பிழையே இல்லை என்று சொல்லவும் முடியாது. சிறு பிழைகள் சிறு கூட்டத்தில் கண்ணுக்குப் படாது.

தேறிய ஸ்னிப் முதலாம் குரோமோசோமில், காம்ப்ளிமென்ட் ஃபேக்டர் எச் என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் மரபணுவுக்குள் இருந்தது. அந்தப் புரதத்தின் 402ஆம் இடத்தில் டைரோசின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் வரும் மாற்றத்தைக் குழு சுட்டியது. 'சயின்ஸ்' அதே இதழிலேயே வேறு இரண்டு குழுக்கள், வேறு நோயாளிகளை வைத்து, அதே மாற்றத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. எந்தத் திருத்தச் சூத்திரத்தையும்விட இதற்கு எடை அதிகம்.

ஆபத்து எவ்வளவு என்பதைக் கட்டுரை ஒற்றை எண்ணாகச் சொல்லவில்லை. ஆபத்தான அல்லீல் இரண்டு பெற்றவருக்கு நோய் வரும் சாத்தியம் 7.4 மடங்கு, ஆனால் உண்மை 2.9க்கும் 19க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம் என்றது. 146 பேரின் விலை அந்த அகலம். செய்தித்தாள்கள் இப்படிப்பட்ட முடிவுகளைப் போடும்போது முதலில் காணாமல் போவது இந்த இரண்டு ஓர எண்கள்தான்.

கடைசியாக, பார்ப்பதற்குச் சின்ன விவரம் ஒன்று. டிஎன்ஏ இரட்டை இழை. ஒன்றில் சி இருந்தால் எதிர் இழையில் ஜி. சி–ஜி ஸ்னிப்பான rs380390இல், எந்த இழையைப் படித்தோம் என்று எழுதாமல் 'ஆபத்து சி' என்று மட்டும் அறிவித்தால், எதிர் இழையைப் படித்த இன்னொரு ஆய்வகம் அதே முடிவைத் தலைகீழாகப் பார்க்கும். அங்கே ஆபத்து ஜி. அல்லீலின் பங்கையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் 37 சதவீதமா 63 சதவீதமா என்று பார்த்துப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். பங்கு 50ஐ ஒட்டியிருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். இழையை எழுதித்தான் ஆக வேண்டும்.